சாறனைச் சப்பும் பூனையும் காணாமல் போன துணித் துண்டும்

"எங்கட பூனைக்கு இப்ப ஒன்பது மாசம். குட்டியா எடுத்த நாள்ல இருந்தே அப்பாட சாறனைச் சப்பிக்கொண்டுதான் நித்திரை கொள்ளும். முதல்ல சும்மா சப்பினது, இப்ப கடிச்சு ஓட்டை போடுது. மீன் வாங்கிவாற சொப்பிங் பேக்கையும் மெல்லுது. போன கிழமை வாந்தியில பிளாஸ்டிக் துண்டு ஒண்டு வந்தது. இது சத்துக் குறைவா? சாறன்ல வேப்பெண்ணெய் பூசினா விட்டுடுமா?" (கல்லடியிலிருந்து)

வேப்பெண்ணெய் வேண்டாம். பூனை உடம்பில் பட்டதையெல்லாம் நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. துணியில் பூசியது கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகும், வேப்பெண்ணெய் பூனைக்கு நஞ்சாகக்கூடும். மிளகாய்த்தூளும் அப்படித்தான், கண்ணில் பட்டால் அது வேறு வேதனை. இவற்றால் பழக்கம் நிற்பதும் இல்லை. சாறனை விட்டுவிட்டுத் துவாய்க்குப் போகும், துவாயை எடுத்தால் தலையணை உறைக்குப் போகும்.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். ஓட்டை விழுந்த சாறனை மேசையில் விரித்து, கடித்துப் போட்ட துண்டுகளைக் கட்டிலுக்கு அடியிலும் பாய்க்கு அடியிலும் தேடி எடுத்து, ஓட்டைக்குள் பொருத்திப் பாருங்கள். முழுவதும் பொருந்தினால் பூனை கடிக்கிறது, ஆனால் விழுங்கவில்லை. துணி குறைந்தால் குறைந்த அளவு பூனையின் வயிற்றில் இருக்கிறது, அல்லது மலத்தோடு போய்விட்டது. என்னிடம் பூனை கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். சப்புவது, மெல்லுவது, விழுங்குவது மூன்றும் வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் காரணமும் வேறு, ஆபத்தும் வேறு.

சப்புவதை முதலில் சொல்கிறேன். இதை ஆங்கிலத்தில் கம்பளி சப்புதல் என்ற பெயரில்தான் எழுதுவார்கள், குளிர் நாட்டுக்காரர் வைத்த பெயர். நம் பக்கத்தில் கம்பளி ஏது? சாறன், பனியன், துவாய், பழைய சீலை, இவைதான் கிடைக்கும். பூனை கண்ணைப் பாதி மூடி, முன்னங்கால்களால் துணியை மாறி மாறிப் பிசைந்துகொண்டு, குர்ர் என்ற சத்தத்தோடு உறிஞ்சும். தாயிடம் பால் குடிக்கும் குட்டி செய்வது அப்படியே இதுதான். குட்டிகள் 4 கிழமையில் மற்றச் சாப்பாட்டை ருசி பார்க்கத் தொடங்கினாலும், பால் மறப்பது பெரும்பாலும் 7, 8 கிழமையில்தான், தாய் விட்டால் அதற்குப் பிறகும் குடிக்கும். நம் ஊர்களில் கண் திறந்து ஓடத் தொடங்கியதுமே, ஒரு மாதத்தில், குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சந்தைப் பக்கத்திலும் கோயில் வாசலிலும் பெட்டியோடு வைத்துவிட்டுப் போனவற்றை எடுத்து வளர்க்கிறவர்களும் நிறையப் பேர். அப்படி வந்த குட்டி சூடாகவும் மென்மையாகவும் வீட்டுக்காரரின் வாசனையோடும் இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்வது விளங்கக்கூடியதுதான்.

ஆனால் சீக்கிரம் பிரித்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரு பங்கு இனவழி. சியாமீஸ், பர்மீஸ் போன்ற கீழைத்தேயப் பூனைகளில் இது அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். அந்த இரண்டு இனங்களையும் பற்றி 1997இல் வெளியான ஓர் ஆய்வில், துணி தின்னும் பூனைகளில் 10இல் 9க்கு மேற்பட்டவை கம்பளியைத் தொட்டிருந்தன, அடுத்த இடம் பருத்திக்கு. உங்கள் பூனையின் முகமும் காதும் வாலும் கறுத்து, உடம்பு வெளிறி, கண் நீலமாக இருந்தால் சியாமீஸ் இரத்தம் கொஞ்சம் கலந்திருக்கலாம். 2015இல் வந்த இன்னோர் ஆய்வில், பேர்மன் என்ற இனத்தில் சீக்கிரம் பால் மறக்கடித்த குட்டிகளிடம் இந்தப் பழக்கம் கூடுதலாக இருந்தது. சியாமீஸிலோ உடம்பில் வேறு நோய் இருந்தவற்றிடம் கூடுதலாக இருந்தது. ஒரே பழக்கத்துக்கு இனத்துக்கு இனம் வெவ்வேறு வழிகள் இருக்கின்றன.

துணியைச் சப்பி ஈரமாக்கிவிட்டுத் தூங்குகிற பூனையை அப்படியே விட்டுவிடலாம். ஒரு பழைய துவாயை அதற்கென்று கொடுங்கள். தையல் பிரிந்து நூல் தொங்காததாக இருக்க வேண்டும். அடிக்கவோ துணியைப் பறிக்கவோ வேண்டாம். பதற்றம் கூடினால் சப்புவதும் கூடும், ஒளிந்திருந்து சப்பப் பழகினால் என்ன விழுங்குகிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

உங்கள் பூனை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதுபோல் தெரிகிறது. கடைவாய்ப் பல்லில் துணியை வைத்துக் கத்தரிப்பதுபோல் கடிக்கும் பூனை பால் ஞாபகத்தில் செய்யவில்லை, தின்கிற வேலையைத்தான் செய்கிறது. வாந்தியில் துண்டு வந்ததே விழுங்குகிறது என்பதற்குச் சாட்சி.

பிளாஸ்டிக் விஷயத்தில் பலர் வியப்பாகக் கேட்பார்கள், சுவையில்லாத பொருளை ஏன் தின்கிறது என்று. பூனைக்கு அது சுவையில்லாத பொருளே அல்ல. கீரிமீனோ சூடையோ போட்டுக் கொண்டுவந்த பையைக் கழுவி வைத்தாலும் உங்களுக்குத்தான் மணம் போயிருக்கும், பூனைக்குப் போகாது. மெல்லிய பையின் சரசரப்பும் பல்லுக்கு அது கொடுக்கும் பிடிப்பும் அதோடு சேரும். மீன் பைக்கு மட்டும் போகிறதா, புதுப் பை, வயர், செருப்புப் பட்டி எல்லாவற்றையும் கடிக்கிறதா என்று கவனியுங்கள். மீன் பை மட்டும் என்றால் அதை வெளியே மூடியுள்ள வாளியில் போட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. எல்லாவற்றையும் கடிக்கிறது என்றால் வாயைத் திறந்து பாருங்கள். பால்பல் விழுந்து முளைக்கிற காலம் 4 முதல் 6, 7 மாதம் வரை, உங்கள் பூனை அதைத் தாண்டிவிட்டது. ஆனால் முரசு சிவந்து, வாய் நாறி, ஒரு பக்கத்தாலேயே மென்றால் அது பல்நோய்.

சரி, சத்துக் குறைவா என்ற உங்கள் கேள்வி. துள்ளி விளையாடுகிற, நிறை குறையாத இளம் பூனையில் அது காரணமாக இருப்பது குறைவு. விட்டமின் குளிசை கொடுத்து இந்தப் பழக்கம் நின்ற பூனையை நான் பார்த்ததில்லை. ஆனால் பசி வேறு. நம் வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மீன் ஆணம் ஊற்றிப் பிசைந்த சோறு, நாளுக்கு இரண்டு வேளை. வயிறு நிறையும், ஆனால் இறைச்சி தின்னவே படைக்கப்பட்ட உடம்புக்கு அதில் புரதம் போதாது. 3, 4 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு முள் நீக்கிய அவித்த மீனோ கோழியோ 100 கிராமாவது வேண்டும், சோறு அதன் ஓரத்தில்தான். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் அதோடு சேர்த்துக் கொடுங்கள், பூனைக்கு அவசியமான டோரின் அந்தத் தண்ணீரில் கரைந்து நிற்கும். வெங்காயம், உப்பு, மிளகாய் போட முன்னரே அதன் பங்கை எடுத்துவிட வேண்டும். மீன் மட்டும் நெடுநாள் போதாது, இடையிடையே கோழி, ஈரல் கொஞ்சம், முடிந்தால் கடையில் விற்கிற பூனை உணவும் கலந்து கொடுங்கள்.

அதைவிட முக்கியம் எத்தனை தரம் கொடுக்கிறோம் என்பது. காட்டில் பூனை எலி, ஓணான், பூச்சி என்று நாளுக்குப் பல சிறு வேட்டை ஆடும். 2016இல் கனடாவில் செய்த ஓர் ஆய்வில், கண்டதையும் விழுங்குகிற பூனைகளையும் சாதாரணப் பூனைகளையும் ஒப்பிட்டபோது, எந்நேரமும் சாப்பாடு வைத்திருப்பது சாதாரணப் பூனைகளின் வீடுகளில்தான் கூடுதலாக இருந்தது. அதிகம் குறிவைக்கப்பட்டவை நூலும் சப்பாத்துக் கயிறும் பிளாஸ்டிக்கும். அதனால் அதே அளவு சாப்பாட்டை 5 தரமாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பங்கை அப்பா படுக்கப் போகும் நேரத்துக்கு வையுங்கள், ஏனென்றால் சாறனுக்கு ஆபத்தான நேரம் அதுதான். அதற்கு முன் கால்மணி நேரம் தடியில் கட்டிய கோழி இறகை ஓடவிட்டு, பிடிக்கவிட்டு, பிடித்ததும் சாப்பாட்டை வைத்தால் வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்ற ஒழுங்கு பூனைக்குக் கிடைக்கும். விளையாட்டு முடிந்ததும் அந்தத் தடியை அலுமாரிக்குள் பூட்டிவிட வேண்டும். அதிலும் கயிறு இருக்கிறது.

புல் தின்பதைப் பற்றிப் பயப்படாதீர்கள், அது பூனையின் இயல்பு. ஒரு சட்டியில் மருந்து அடிக்காத புல்லோ நெல்லு முளையோ வளர்த்து வைத்தால் மெல்லும் ஆசை கொஞ்சம் அங்கே தீரும்.

ஆனால் வளர்ந்த பூனை திடீரென்று இப்படித் தொடங்கினால் கதை வேறு. வாழைச்சேனையில் 4 வயதுக் கடுவன் ஒன்று வீட்டுச் சுவரை நக்குகிறது என்று கொண்டுவந்தார்கள். பூசாத சீமெந்துச் சுவர், ஒரே இடத்தில் நக்கி நக்கி நாக்கு புண்ணாகியிருந்தது. முற்றத்து மண்ணையும் தின்றதாம். "சுண்ணாம்புச் சத்து காணாது போல டொக்டர்" என்று அந்த அம்மா கல்சியம் சிரப் கொடுத்துக்கொண்டிருந்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், முரசு கடதாசிபோல் வெள்ளை. சீப்பால் வாரினால் தெள்ளு கொட்டியது. இரத்தத்தில் செவ்வணுக்களின் பங்கு 14 வீதம், நல்ல பூனையில் அது 30ஐத் தாண்டி இருக்கும். தெள்ளு இரத்தத்தைக் குடிப்பதோடு, செவ்வணுவில் ஒட்டி வாழும் கிருமியையும் ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக்கூடும். தெள்ளுக்கும் அந்தக் கிருமிக்கும் குடற்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தோம். 3 கிழமையில் முரசு சிவந்தது, சுவரை நக்குவதும் நின்றது.

மண், சீமெந்து, சாம்பல், மலம் கழிக்க வைத்த மணல், இவற்றை நக்குகிற பூனைக்கு முதலில் முரசின் நிறத்தைத்தான் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் அது இல்லாத இடத்தில் பாருங்கள். இரத்தச்சோகையில் பூனை ஏன் மண் தேடுகிறது என்பது முழுதாக விளங்கவில்லை, ஆனால் நக்குவது நோயின் முதல் அடையாளமாக வருவது உண்மை. இன்னொன்று, நாய்க்கு விற்கிற உண்ணி மருந்தைப் பூனையில் பூசிவிடாதீர்கள். பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும். 10 வயதைத் தாண்டிய பூனை கண்டதையும் தின்னத் தொடங்கி, அகோரப் பசியோடு மெலிந்தும் போனால் தைரொயிட் சுரப்பி, சிறுநீரகம் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இனி நூல். உங்கள் கேள்வியில் அந்தச் சொல் இல்லை, ஆனால் எனக்குப் பயம் அதில்தான். கடித்துப் பிரிந்த சாறன் கடைசியில் நூல்தானே.

மருதமுனையில் தறி வைத்திருக்கிற ஒரு வீடு. 7 மாதப் பெண் பூனை, பாவு ஓட்டுகிற அறையிலேயே பிறந்து வளர்ந்தது. நூல் நுனி ஆடினால் அதற்கு எலிவால் ஆடுவதுபோல. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சாப்பிடவில்லை. இரவில் இரண்டு தரம் மஞ்சளாக வாந்தி. சனிக்கிழமை தறிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. மயிர் அடைத்திருக்கும் என்று நினைத்து வீட்டில் தேங்காய் எண்ணெய் பருக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்தபோது நிறை 2.4 கிலோ, தோலைக் கிள்ளி விட்டால் உடனே திரும்பாமல் மேடாக நின்றது, அவ்வளவு நீர் வற்றியிருந்தது.

வாந்தி எடுக்கிற பூனையில் நாக்குக்கு அடியில் பார்க்காமல் விடவே கூடாது. வாயைத் திறந்து, கீழ்த்தாடையின் இரண்டு எலும்புக்கும் நடுவே வெளியிலிருந்து கட்டைவிரலால் மெதுவாக மேலே தள்ளினால் நாக்கு எழும்பும். அங்கே ஒரு நீல நூல், நாக்கின் அடியை வளைத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்தே சாய்ந்திருக்கும். நாக்கில் நூல் ஒட்டினால் அதைத் துப்புவது பூனைக்குக் கஷ்டம், உள்ளே உள்ளே போகும். ஒரு நுனி நாக்கிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொள்ள, மறு நுனியைக் குடல் வழமைபோல் கீழே தள்ளும். நூல் நகராது, அதனால் குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் எப்படிச் சுருங்கும், அதேதான். குடல் ஒவ்வொரு தரம் அசையும்போதும் இறுகிய நூல் உள்சுவரை அறுக்கும். துளை விழுந்தால் மலம் வயிற்றுக்குள் கசியும். அதற்குப் பிறகு பிழைப்பது மிகக் கடினம்.

வயிற்றைத் தடவியபோது சீலைக் கொசுவம்போல் மடிந்த குடல் கைக்குத் தட்டுப்பட்டது, தொட்டதும் கத்தியது. நாக்கில் இருந்த நூலை வெட்டி விட்டேன். விழுங்கிச் சில மணித்தியாலத்துக்குள் வந்து, வயிற்றில் நோவும் இல்லாவிட்டால், சில வேளை இதோடு நூல் தானாகக் கீழே போய்விடும், கண்காணித்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு நாள் கடந்த இந்தப் பூனையில் அதை நம்பிக் காத்திருக்க எனக்குத் துணிவில்லை. நாளத்தில் சேலைன் ஏற்றிக்கொண்டே, வான் பிடித்து மகியங்கனை வழியாகப் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினோம். இரைப்பையில் ஒரு இடம், குடலில் இரண்டு இடம் வெட்டித்தான் நூலை எடுக்க முடிந்தது. ஒரே இடத்தில் வெட்டி இழுத்தால் இழுக்கிற இழுவையிலேயே குடல் அறுந்துவிடும். நல்லவேளையாக அதுவரை துளை விழவில்லை. பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தது, 200 கிராம் கூடியிருந்தது.

அந்த வீட்டில் இப்போது தறி அறைக்குக் கம்பிவலைக் கதவு இருக்கிறது, வெட்டுகிற நூல் துண்டு உடனே மூடி போட்ட ரின்னுக்குள் போகிறது. பூனை இரவில் உம்மாவின் பழைய துவாயை இன்னும் சப்புகிறது. ஓரம் மடித்துத் தைத்த துவாய், கிழமைக்கு ஒரு தரம் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை, விழுங்குவது நின்றிருக்கிறது. பல பூனைகளில் நாம் அடையக்கூடிய வெற்றி அவ்வளவுதான், அது போதும். நூலை எடுத்துவைத்து, சாப்பாட்டைப் பிரித்து, விளையாடி எல்லாம் பார்த்தும் விழுங்குகிற சில பூனைகளுக்கு மனப்பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை உண்டு. பலன் தெரியவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், வைத்தியர் நிறை பார்த்து எழுதினால் மட்டும் கொடுக்க வேண்டியது.

நூலோ துணிக் கீலமோ வாயிலோ பின்புறத்திலோ தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள். பாசத்தில் இழுத்துவிடுகிறார்கள், உள்ளே குடல் அறுந்து செத்த பூனையை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். பின்புறத்தில் தொங்கினால் நீட்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் விட்டுக் கத்தரித்துவிட்டு, நக்காமல் பார்த்துக்கொண்டு கொண்டுவாருங்கள். எண்ணெய் பருக்க வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் தங்கிச் சளிக்காய்ச்சலாகும். வாந்தி வரவைக்க உப்புத் தண்ணீரும் வேண்டாம்.

உங்கள் பூனை இப்போது சாப்பிட்டு, விளையாடி, வழமைபோல் மலம் கழித்தால் அவசரம் இல்லை, ஆனால் இந்தக் கிழமைக்குள் ஒரு தரம் காட்டுங்கள். முரசு, பல், வயிறு, மலத்தில் புழு, இவ்வளவும் பார்த்தால் போதும். அதுவரை அப்பா சாறனைக் கட்டிலில் போடாமல் அலுமாரிக்குள் வைக்கட்டும், பூனை அவருடைய அறையில் படுக்க வேண்டாம். இரண்டு தரத்துக்கு மேல் வாந்தி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, ஒளிந்து சுருண்டு கிடப்பது, மலம் கழிக்க முக்குவது, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியரிடம் போங்கள். போகும்போது அந்தச் சாறனையும், பொருத்திப் பார்த்த துண்டுகளையும், மலத்திலோ வாந்தியிலோ வந்ததையும் ஒரு போத்தலில் போட்டுக் கொண்டுபோங்கள். எவ்வளவு துணி இன்னும் உள்ளே இருக்கிறது, அது நூலா துண்டா என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்போம். துணி எக்ஸ்ரேயில் நேராகத் தெரியாது.